எட்டாயிரம் பதில், நாலு பேர் மதிப்பு

திருச்சுழிப் பக்கத்து உழவர் குழு ஒன்றின் செயலாளர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "வரும் புரட்டாசி விதைப்புக்கு முன் மானாவாரி விவசாயிகளுக்கு மழைத் தகவல் கொண்டுசேர்க்க ஏற்பாடு செய்கிறோம். கைபேசியில் அனுப்பினால் போதுமா, ஊருக்கு ஊர் ஒலிபெருக்கி வைக்க வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டும். விதைக்கும் முன் வானிலை அறிவிப்பைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் விட்டால் ஐயாயிரம், எட்டாயிரம் பதில் சுலபமாக வரும் என்கிறார்கள் எங்கள் பையன்கள். ஆன்லைன் சர்வே கம்பெனி ஒன்றும் தன்னிடம் பதிவு செய்து வைத்திருக்கும் ஆட்களைக் கேட்டு இரண்டே நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறது. எத்தனை பதில் வந்தால் போதும்?"

எத்தனை என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் அலைந்தவன் என்ற முறையில் நான் முதலில் கேட்பது வேறு: அந்தப் படிவம் யார் கைக்குப் போகும், போன கைகளில் எந்தக் கை அதை நிரப்பும்?

படிவத்தின் பின்னாலேயே நடந்து பார்ப்போம். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமம். குழுவில் இணைப்பு வந்து விழுகிறது. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவருக்கு அது வரவே வராது. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவின் வீட்டில் ஒரு தொடுதிரை போன் உண்டு. அது பகலில் மகனோடு அருப்புக்கோட்டைக்குப் போய்விடும். திருப்பூரில் இருக்கும் இளவட்டத்துக்கு இணைப்பு உடனே கிடைக்கும். அவன் ஊர்ப்பாசத்தில் நிரப்பியும் அனுப்புவான், ஆனால் அவன் காட்டில் விதை போட்டு நாலு வருஷம் ஆகிறது. கரிமூட்டம் போட வேலிக்கருவை வெட்டப் போனவர்கள் இருட்டித்தான் வீடு திரும்புவார்கள். கடைசியில் யார் நிரப்புகிறார்கள்? போர்வெல் போட்டு மல்லிகையோ மக்காச்சோளமோ வைத்திருப்பவர், விவசாயத்தோடு கடையும் நடத்துபவர், பட்டதாரிப் பிள்ளை உள்ள வீட்டுக்காரர், எந்தக் கூட்டத்திலும் முதல் வரிசையில் உட்காருகிறவர். வானிலைச் செயலியைத் திறந்து பார்த்துவிட்டு விதைக்கிறவர்களும் பெரும்பாலும் இவர்களே.

பதில் சொல்ல வருவதும், நாம் அளக்க நினைக்கும் விஷயமும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகளாக இருக்கின்றன. வந்தவர்கள் தாங்களாகவே தங்களைத் தேர்ந்துகொண்டவர்கள். புள்ளியியலில் இதைச் சுயதேர்வு என்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு தூரம் தப்பும் என்பது புரியும். இவை உங்கள் வட்டாரத்தின் உண்மை எண்கள் அல்ல, கணக்குக்காக நான் வைத்துக்கொள்கிறவை. விவசாயக் குடும்பங்கள் 40,000. அதில் சரிபாதி, அதாவது 20,000 குடும்பங்கள் வானிலை அறிவிப்பைப் பார்த்து விதைக்கின்றன. மீதி 20,000 பார்ப்பதில்லை. பார்க்கிறவர்களில் நூற்றுக்கு 30 பேர் படிவத்தை நிரப்புகிறார்கள், பார்க்காதவர்களில் நூற்றுக்கு 10 பேர் நிரப்புகிறார்கள். முதல் கூட்டத்திலிருந்து 6,000 பதில், இரண்டாவதிலிருந்து 2,000 பதில், ஆக 8,000. இந்த 8,000 பேரில் 6,000 பேர், அதாவது 75 சதவீதம் பேர், 'பார்க்கிறோம்' என்கிறார்கள். உண்மையோ 50.

சரி, இன்னும் ஒரு மாதம் படிவத்தைத் திறந்து வைக்கிறீர்கள், எல்லாக் குழுவிலும் மறுபடி போடுகிறீர்கள். பதில் இரட்டிப்பாகிறது. நூற்றுக்கு 30 என்பது 60 ஆகிறது, 10 என்பது 20 ஆகிறது. 12,000 பதிலும் 4,000 பதிலும் சேர்ந்து 16,000. இப்போது என்ன சதவீதம்? அதே 75. வட்டாரத்தில் ஐந்தில் இரண்டு குடும்பம் பதில் சொல்லியும் விடை நகரவில்லை. கூட்டம் பெருத்தது, ஆனால் வாசல் அதேதான்.

விருதுநகர் கமிஷன் கடைகளில் மல்லி மூட்டை வாங்குகிறவரைக் கவனித்தால் இது சட்டென்று பிடிபடும். மூட்டையின் வாயைப் பிரித்து மேலே இருப்பதை மட்டும் அள்ளிப் பார்த்து அவர் விலை சொல்லமாட்டார். குத்தூசியைப் பக்கவாட்டில் குத்தி, நடுவில் இருப்பதை உருவிப் பார்ப்பார். மேலே நல்ல மல்லியைப் பரப்பி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்துவிட்டால், நூறு மூட்டையின் வாயைப் பிரித்துக் காட்டினாலும் அவருக்கு ஒரு தகவலும் சேராது. பத்து மூட்டையில் குத்தூசி போட்டால் போதும்.

படிவத்தில் ஆபத்து இன்னொரு விதத்திலும் வருகிறது. 8,000 பதிலை ஒரு கணிப்பானில் போட்டால், 'பிழை வரம்பு கூட்டிக் கழித்து 1 சதவீதம்' என்று அது சொல்லிவிடும். 74-க்கும் 76-க்கும் நடுவில்தான் உண்மை இருக்கிறது என்று நீங்கள் நிம்மதியாக அறிக்கையில் எழுதுவீர்கள். அந்தச் சூத்திரம் குலுக்கிப் போட்டு எடுத்த மாதிரிக்கு மட்டுமே செல்லும். குலுக்கலில் வரும் தற்செயலான ஆட்டத்தைத்தான் அது அளக்கிறது. எண்ணிக்கை கூடக் கூட அந்த ஆட்டம் அடங்கும் என்பது உண்மை. ஆனால் வாசல் கோணலாக இருந்தால், ஆட்டம் அடங்கிய விடை தவறான இடத்தில் போய் அசையாமல் நிற்கும். அதனால்தான் பெரிய கோணல் மாதிரியைச் சின்னக் கோணல் மாதிரியைவிட மோசம் என்பேன். சின்னது தப்பினால் 'நூறு பேர்தானே' என்று யாராவது சந்தேகப்படுவார்கள். எட்டாயிரத்தை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது.

நம் கணக்கில் விடை 25 புள்ளி தள்ளிப் போயிருக்கிறது. முறையாகக் குலுக்கி எடுத்த மாதிரி எவ்வளவு சின்னதாக இருந்தால் சராசரியாக இவ்வளவு தூரம் தப்பும் என்று திருப்பிக் கேட்டால், விடை நாலு பேர். 8,000 பதிலின் மதிப்பு, குலுக்கி எடுத்த நாலு விவசாயிகளின் மதிப்பு. இப்படித் திருப்பிப் போட்டுப் பார்க்கும் வழியைத் தெளிவாக்கியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் சியாவோ-லீ மெங். 2016 அமெரிக்க அதிபர் தேர்தல் கருத்துக்கணிப்புத் தரவை வைத்து 2018-இல் அவர் எழுதிய கட்டுரையில், பதில் சொல்வதற்கும் வாக்களிக்கும் பக்கத்துக்கும் நடுவே இருந்த தொடர்பு 0.005 அளவுதான், கண்ணுக்கே தெரியாத தொடர்பு. அந்தச் சிறு கோணலே வாக்காளர்களில் ஒரு சதவீதத்தை, அதாவது சுமார் 23 லட்சம் பதிலை, குலுக்கி எடுத்த 400 பேர் மதிப்புக்கு இறக்கிவிடும் என்று அவர் காட்டினார். நம் படிவத்தின் கோணல் அதைவிடப் பல மடங்கு பெரிது.

காகிதக் கணக்கு போதாது என்பவர்களுக்கு நடந்த கதை ஒன்று உண்டு. 2021-இல் அமெரிக்காவில் கொரோனா தடுப்பூசி எத்தனை பேர் போட்டுக்கொண்டார்கள் என்று மூன்று கணக்கெடுப்புகள் ஒரே சமயத்தில் கேட்டுக்கொண்டிருந்தன. ஒன்று ஃபேஸ்புக் வழியாக, வாரம் சுமார் இரண்டரை லட்சம் பதில். இன்னொன்று அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தினுடையது, இரண்டு வாரத்துக்குச் சுமார் 75,000 பதில். மூன்றாவது ஆக்சியோஸ் செய்தி நிறுவனமும் இப்ஸாஸ் நிறுவனமும் நடத்தியது, ஒவ்வொரு முறையும் சுமார் 1,000 பேர். ஊசி எத்தனை பேருக்குப் போடப்பட்டது என்ற அரசுப் பதிவு பிறகு கையில் கிடைத்ததால், யார் சரி என்று பார்க்க முடிந்தது. கருத்துக்கணிப்புகளுக்கு இப்படி ஒரு விடைத்தாள் கிடைப்பது அபூர்வம். மே மாதத்தில் ஃபேஸ்புக் கணக்கு 17 புள்ளி கூடுதலாகச் சொன்னது. மக்கள்தொகை அலுவலகக் கணக்கு 14 புள்ளி கூடுதல். ஆயிரம் பேரைக் கேட்ட சின்னக் கணக்குதான் உண்மைக்கு ஆகக் கிட்டத்தில் இருந்தது. மெங்கும் உடன் ஆய்வாளர்களும் 2021 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டபோது, ஃபேஸ்புக் கணக்கின் இரண்டரை லட்சம் பதில் ஏப்ரல் மாதத்திலேயே குலுக்கி எடுத்த பத்துப் பேருக்கும் குறைந்த மதிப்புக்கு இறங்கிவிட்டது என்று எழுதினார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. ஃபேஸ்புக் கணக்கை நடத்தியவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். அழைப்பு அனுப்பியதே குலுக்கல் முறையில்தான். ஆனால் அழைத்தவர்களில் நூற்றில் ஒருவர் அளவில்தான் பதில் சொன்னார்கள். அந்த ஒருவர் மற்ற 99 பேரைப் போன்றவர் அல்லர். அழைப்பில் குலுக்கல் இருந்தது, வருகையில் இல்லை. சின்னக் கணக்கோ, ஆட்களைச் சேர்க்கும்போதே முகவரிப் பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்து, இணைய வசதி இல்லாத வீட்டுக்குக் கருவியும் இணைப்பும் தாங்களே கொடுத்துச் சேர்த்த ஆட்களைக் கேட்டது. ஆகவே ஆன்லைன் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆட்களைச் சேர்த்த விதத்தைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

நம் நாட்டிலும் ஒன்று நினைவிருக்கும். 2016 நவம்பர் 8 அன்று பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்து, 22-ஆம் தேதி, பிரதமரின் நமோ செயலியில் பத்துக் கேள்விகளோடு கருத்துக் கேட்டார்கள். ஒரு நாளைக்குள் ஐந்து லட்சம் பேருக்கு மேல் பதில் சொன்னார்கள், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆதரவு என்று செய்தி வந்தது. ஐந்து லட்சம் என்பது எந்தக் கருத்துக்கணிப்பு நிறுவனமும் கனவிலும் காணாத எண். ஆனால் பதில் சொல்ல ஸ்மார்ட்போன் வேண்டும், அதில் பிரதமரின் செயலி இருக்க வேண்டும், அன்று அதைத் திறந்து பார்க்கும் ஆர்வமும் இருக்க வேண்டும். வங்கி வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் இந்த மூன்று வாசலையும் தாண்டியிருப்பார்கள்? நாட்டு மக்களின் ஆதரவு உண்மையிலேயே அதிகமாக இருந்திருக்கலாம், குறைவாகவும் இருந்திருக்கலாம். நான் சொல்வது, அந்த ஐந்து லட்சம் பதிலை வைத்து இரண்டில் எதையும் சொல்ல முடியாது என்பதுதான். ஆதரவாளர்கள் கொண்டாடியதும் சரியில்லை, அதே எண்ணைப் பொய் என்று எதிர்த்தரப்பு அடித்துச் சொன்னதும் சரியில்லை.

இனி அந்தக் கம்பெனிக்காரருக்கு வருவோம். அவரிடம் 'தயாராக இருக்கும் ஆட்கள்' எங்கிருந்து வந்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் விளம்பரம் பார்த்துத் தாங்களாகப் பதிவு செய்தவர்கள். ஒரு கேள்வித்தாளுக்கு இத்தனை புள்ளி, புள்ளி சேர்ந்தால் ரீசார்ஜோ பரிசுக் கூப்பனோ கிடைக்கும். அதிலேயே பழகி, ஒரு நாளைக்குப் பத்துக் கேள்வித்தாளை வேகவேகமாகத் தட்டிவிடுகிறவர்களும் உண்டு. எந்தப் பதில் சொன்னால் கேள்வி தொடரும், புள்ளி வரும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. 'நீங்கள் விவசாயியா?' என்றால் 'ஆம்' என்பார்கள், 'இல்லை' என்றால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று தெரியும். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் இதைச் சோதித்து 2024-இல் சொன்னது வேடிக்கையானது. இப்படித் தாங்களாகச் சேர்ந்தவர்களிடம், அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ஓட்ட உரிமம் இருக்கிறதா என்று கேட்டார்கள். முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் 12 சதவீதம் பேர் 'இருக்கிறது' என்றார்கள்! திருச்சுழி மானாவாரி விவசாயி என்று ஒருவர் புள்ளிக்காகச் சொல்வதற்கு அவ்வளவு துணிச்சல்கூடத் தேவையில்லை.

கம்பெனிக்காரர் இதற்குப் பதில் ஒன்று வைத்திருப்பார். "நாங்கள் எடை போட்டுச் சரி செய்துவிடுவோம்." ஆணும் பெண்ணும் சரிபாதி என்று வையுங்கள், பதில் சொன்ன 8,000 பேரில் பெண்கள் 1,600 பேர்தான். ஒவ்வொரு பெண்ணின் பதிலையும் இரண்டரையால் பெருக்குவார்கள், ஆணின் பதிலை 0.625-ஆல் பெருக்குவார்கள். பெண்கள் 4,000, ஆண்கள் 4,000 என்று சமமாகிவிடும். ஒரு பெண்ணின் குரல் ஓர் ஆணின் குரலைப்போல நாலு மடங்கு கனக்கும்.

ஆனால் கனம் கூட்டப்பட்ட அந்தப் பெண் யார்? படிவம் நிரப்பியது மகளிர் குழுத் தலைவி, ஆசிரியை, கல்லூரிக்குப் போகும் மகள். களையெடுக்கும் அம்மா அந்த 1,600-இல் அநேகமாக இல்லை. தலைவியின் பதிலை இரண்டரை மடங்காக்கினால் தலைவி இரண்டரை மடங்காவாள், களையெடுக்கும் அம்மாவாக ஆகமாட்டாள். ஒவ்வொரு கூறுக்குள்ளும் பதில் சொன்னவர்கள் சொல்லாதவர்களைப் போலவே இருந்தால்தான் எடை வேலை செய்யும். அப்படி இருக்கிறார்களா என்று அந்தத் தரவுக்குள்ளேயே தேடினால் தெரியாது, சொல்லாதவர்கள் அதில் இல்லையே. அமெரிக்கத் தடுப்பூசிக் கணக்கிலும் இதுதான் நடந்தது. மக்கள்தொகை அலுவலகம் படிப்பு, இனம் வரை எடை போட்டது. அப்படியும் 14 புள்ளி தப்பியது.

கேள்வி கைபேசியைச் சார்ந்தது என்பதால்தான் இந்தக் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். கண்மாய் மராமத்து, விதை விலை, ரேஷன் அரிசி என எதைக் கேட்டாலும் நிலத்தின் அளவு, கிணறு, படிப்பு எல்லாம் போனோடு சேர்ந்தே நிற்கின்றன. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், இணையத்தை ஒரு முறையாவது பயன்படுத்திய பெண்கள் நாடு முழுவதும் சுமார் 33 சதவீதம், ஆண்கள் சுமார் 57. அந்த ஆய்வு வீட்டு வாசலில் போய்க் கேட்டதால்தான் இந்த எண்ணே நமக்குத் தெரிகிறது. ஆன்லைனில் கேட்டிருந்தால் இரண்டும் நூறாக வந்திருக்கும்.

அப்படியானால் என்ன செய்வது? உங்கள் ஊரிலேயே வருஷா வருஷம் நடக்கும் ஒரு வேலையைப் பாருங்கள். பயிர்க் காப்பீட்டுக்காகப் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்துகிறார்கள். முக்கியப் பயிருக்கு ஒரு கிராமத்துக்கு நாலு பரிசோதனை. புல எண்களிலிருந்து குலுக்கல் எண் வைத்துக் காட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு காட்டின் தென்மேற்கு மூலையில் நின்று, குலுக்கலில் வந்த எண்ணிக்கைப்படி நீளத்தில் இத்தனை அடி, அகலத்தில் இத்தனை அடி என்று நடந்து, நின்ற இடத்தில் சதுரம் அடித்து அறுத்து எடை போடுவார்கள். நெல்லுக்கு அது 5 மீட்டருக்கு 5 மீட்டர். "நல்லா விளைஞ்ச மூலையில போய் அறுத்துட்டாக" என்று சண்டை வருவது வழக்கம். அந்தச் சண்டையில் நியாயம் இருக்கிறது. இடத்தை அதிகாரியும் தேர்ந்தெடுக்கக் கூடாது, விவசாயியும் தேர்ந்தெடுக்கக் கூடாது, எண் தேர்ந்தெடுக்க வேண்டும். தங்கள் காட்டை அறுக்க விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள் என்று தண்டோரா போட்டு ஐந்நூறு காட்டை அறுத்திருந்தால் என்ன ஆகும் என்று உங்கள் ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். நான் இவ்வளவு நேரம் சொன்னதை அவர்கள் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்.

உங்களுக்கு 400 வீடு போதும். எடுக்கும் விதத்தைச் சொல்கிறேன். வட்டாரத்தின் எல்லாக் கிராமங்களையும், சேர்ந்த குக்கிராமங்கள் விடாமல், வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே விவசாயக் குடும்ப எண்ணிக்கையைப் போட்டு, கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தம் 40,000 என்றால், 20 ஊர் எடுக்க 2,000-க்கு ஒன்று. 1 முதல் 2,000-க்குள் ஓர் எண்ணைக் குலுக்கி எடுங்கள், 1,137 வந்தது என்று வையுங்கள். 1,137, 3,137, 5,137 என்று போய்க்கொண்டே இருங்கள். அந்தந்தக் குடும்பம் விழும் ஊர் உங்கள் ஊர். பெரிய ஊருக்கு வாய்ப்பு கூடுதல், சின்னதற்குக் குறைவு, அதுதான் நியாயம். தேர்வான ஊரில் முதல் நாள் முழுக்க வீடுகளை மட்டும் பட்டியல் எடுங்கள். ஊராட்சியிலோ ரேஷன் கடையிலோ உள்ள பட்டியலை அப்படியே வாங்கிவிடாதீர்கள், காலனியும் கடைசித் தெருவும் காட்டுக்குள் தனியாக நிற்கும் வீடும் அதில் விட்டுப்போயிருக்கும். 260 விவசாய வீடு இருந்தால் 13-க்கு ஒன்று வீதம் 20 வீடு, தொடக்க எண் மறுபடி குலுக்கலில்.

400 பேரை வட்டாரம் முழுக்கத் தனித்தனியாகக் குலுக்கியிருந்தால் பிழை வரம்பு 5 புள்ளி அளவில் நிற்கும். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால், இந்த முறையில் அது 7 அளவுக்குப் போகலாம். பரவாயில்லை. 50 என்பது 43 ஆகவோ 57 ஆகவோ வரும், 75 ஆக வராது. ஒலிபெருக்கி வேண்டுமா என்ற முடிவுக்கு அது போதும். ஒருவர் ஒரு நாளைக்கு எட்டுப் பத்து வீடு முடிப்பார். நாலு பேர் இருந்தால் கேள்வி கேட்கப் பத்துப் பன்னிரண்டு நாள், பட்டியல் எடுக்க இன்னும் ஐந்தாறு நாள்.

கதவைத் திறந்தவரிடம் கேட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. பட்டா தாத்தா பெயரில் இருக்கும், பேசுவது மருமகனாக இருக்கும், விதை போட்டது அத்தையாக இருக்கும். போன விதைப்பில் 'இன்றைக்கு விதைக்கலாம்' என்று முடிவு சொன்னது யார் என்று முதலில் கேட்டு, அவரிடமே பேசுங்கள். 'வானிலை பார்க்கிறீர்களா' என்றும் கேட்காதீர்கள், மரியாதைக்காக 'ஆமாம்ப்பா' என்பார்கள். "கடைசியாக விதைத்தபோது மழை வரும் என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

பட்டியலும் குலுக்கலும் ஆனபின் முறை கெடுவது பூட்டிய வீட்டில்தான். பட்டியலில் 39-ஆம் வீடு வந்திருக்கிறது, போனால் பூட்டு. களைத்துப்போன பையன் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிவிடுவான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஒரு கோடையில் நாங்கள் கொண்டுவந்த தாள்களில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் குவிந்து கிடந்ததைப் பார்த்து மேற்பார்வையாளர் ஒன்றும் திட்டவில்லை. "பகல்ல வீட்ல யாருய்யா இருப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். பூட்டு தொங்கிய வீட்டை விட்டுப் பக்கத்து வீட்டைப் பிடித்தது, வாட்ஸ்அப்பில் வந்தவரைப் பிடித்ததற்குச் சமம். காலை ஆறரைக்கு ஒரு முறை, மாலை ஏழுக்கு மேல் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை என்று மூன்று தடவை போங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் 'கிடைக்கவில்லை' என்று எழுதுங்கள், வேறு வீட்டைப் போடாதீர்கள். முடிவில் 400-க்கு 340 கிடைத்தது என்றால் 340 என்றே அறிக்கையில் எழுதுங்கள். கிடைக்காத 60 வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் ஓரிரு விவரமாவது கேட்டு வையுங்கள்: நிலம் உண்டா, கிணறு உண்டா, வெளியூர் போய்விட்டார்களா. விடை எந்தப் பக்கம் சாயக்கூடும் என்று அதிலிருந்து மட்டுமே சொல்ல முடியும்.

பையன்கள் தயாரித்த படிவத்தைத் தூக்கி எறிய வேண்டாம். அதற்கு வேறு பயன் உண்டு. என்னென்ன குறை இருக்கிறது, எந்தச் செயலி தப்பாகக் காட்டுகிறது, எந்த ஊருக்கு அறிவிப்பு தாமதமாக வருகிறது என்று தெரிந்துகொள்ள அது நல்ல வழி. அங்கே ஒருவர் சொன்னாலும் செய்திதான். சதவீதம் மட்டும் போடாதீர்கள். படிவத்தின் கோணல் எவ்வளவு என்று கண்ணால் பார்க்க ஆசை இருந்தால், விடை தெரிந்த கேள்வி ஒன்றை உள்ளே வையுங்கள்: "போன பருவத்தில் பயிர்க் காப்பீடு செய்தீர்களா?" ஊர்வாரியாகக் காப்பீடு செய்தவர் எண்ணிக்கை வேளாண்மை அலுவலகத்தில் கேட்டால் கிடைக்கக்கூடியது. படிவம் சொல்வதையும் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் எட்டப் போனால் மற்ற கேள்விகளும் எட்டத்தான் நிற்கும். ஒத்துப்போனால் அந்த ஒரு கேள்விக்கு ஒத்துப்போனது, அவ்வளவுதான். முதல் ஆயிரம் பதிலிலும் கடைசி ஆயிரத்திலும் ஒரே சதவீதம் வந்தது என்று பையன்கள் காட்டினால், மேலே போட்ட 8,000, 16,000 கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

கம்பெனிக்காரரிடம் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. உங்கள் ஆட்களை எந்தப் பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்தீர்கள்? இணையம் இல்லாதவர்களை எப்படிச் சேர்த்தீர்கள்? அழைத்தவர்களில் எத்தனை பேர் பதில் சொன்னார்கள்? இவற்றுக்குப் பதிலாக அவர் மாதிரியின் அளவைச் சொல்ல ஆரம்பித்தால், ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அந்தப் பணத்தில் பையன்களுக்குப் பெட்ரோல் போட்டு, பட்டியல் எடுக்க அனுப்பலாம். ஆவணி முடிவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். விதைப்பு தொடங்கிவிட்டால் பகலில் எல்லா வீடும் பூட்டித்தான் இருக்கும்.